அந்த ஒரு என்ட்ரியைப் போடச் சொன்னால்

மாதக் கடைசி. தென்காசிப் பக்கம் ஓர் அரிசி ஆலை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண், பேங்குக்கு அனுப்ப வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் தயார் செய்துகொண்டிருக்கிறாள். குடோன் ரிஜிஸ்டரில் 4,000 மூட்டை நெல் இருக்கிறது. முதலாளி பக்கத்தில் வந்து நின்று, “7,000-ன்னு போட்டுரும்மா, அடுத்த மாசம் சரி பண்ணிரலாம்” என்கிறார். குரலில் மிரட்டல் இல்லை, அவசரம்தான் இருக்கிறது.

இந்தப் பெண்ணும் ஆலையும் உதாரணத்துக்காக நான் கற்பித்தவை. ஆனால் கணக்கு வேலைக்குப் போகிற யாருக்கும் இப்படி ஒரு மாலை வரலாம். சினிமாவில் மோசடியை அம்பலப்படுத்துகிற பெண்ணுக்குக் கடைசிக் காட்சியில் ஒரு பெரிய முடிவு காத்திருக்கும். நிஜத்தில் அவள் எடுக்கிற முதல் முடிவு வேறு. வெளியே சொல்வதா வேண்டாமா என்பது பிறகு வருகிறது. என் கையால் இந்த எண்ணைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் முதலில் வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் பயத்தில் உறைந்து, சொன்னதைச் செய்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் முதல் முடிவு கொஞ்சம் எளிதாகும்.

முதலில் அந்த எண்ணின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மூட்டை 1,500 ரூபாய் என்றால், இல்லாத 3,000 மூட்டையின் மதிப்பு 45 லட்சம். கேஷ் கிரெடிட் கடனில் பேங்க் 25 சதவீதம் மார்ஜின் பிடித்துக்கொண்டு மீதிக்குப் பணம் எடுக்க விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு எண்ணால் 33 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் கூடுதலாக எடுக்கலாம். எடுத்த பணம் பழைய பாக்கிக்கோ வேறு தொழிலுக்கோ போய்விடும். அடுத்த மாதம் உண்மையான இருப்பைக் காட்டினால், எடுக்கக்கூடிய தொகை சட்டென்று இறங்கி, அத்தனை பணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லி பேங்க் கேட்கும். பணம் கையில் இல்லாததால் அடுத்த மாதமும் அதே 3,000 மூட்டையைக் கூட்டித்தான் காட்ட வேண்டும். “அடுத்த மாசம் சரி பண்ணிரலாம்” என்பதை அவர் மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த அடுத்த மாதம் வராது.

இன்னொரு விஷயம். இன்றைக்குப் பொய் எக்செல்லில் மட்டும் இருக்கிறது. மார்ச் 31 வந்தால் அது கணக்குப் புத்தகத்துக்குள் வந்தாக வேண்டும். சரக்கை ஈடாக வைத்துக் கடன் வாங்கிய கம்பெனி, பேங்குக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டேட்மென்ட்டும் தன் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று ஆண்டுக் கணக்கின் குறிப்புகளில் சொல்ல வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை விளக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கிறது. அப்போது யாராவது டாலியில் 3,000 மூட்டைக்குப் பொய்யான கொள்முதல் பில் போட வேண்டியிருக்கும். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் அதே பெண்தான்.

இதையே பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் தானே ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் 30 கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி கிடையாது. அந்தக் காலாண்டில் 649 கோடி என்று காட்டிய செயல்பாட்டு லாபம் உண்மையில் 61 கோடி. சிறியதாகத் தொடங்கிய இடைவெளி வருடா வருடம் வளர்ந்துவிட்டது என்றும், புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் இருந்ததுபோல் ஆயிற்று என்றும் அவர் எழுதினார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அதேதான்.

ஆனால் ஒரு ஜூனியர் கவனிக்க வேண்டியது தலைவரின் கடிதத்தை அல்ல. இந்தப் பொய் எந்த மேசையில் தட்டச்சானது என்பதைத்தான். வாடிக்கையாளர்களுக்கான பில்கள் ஒரு கணினி அமைப்பில் உருவாயின. அதில் ஒவ்வொரு பில்லுக்கும் ஓர் அடையாள எழுத்து உண்டு. ‘எஸ்’ என்றிருந்தால் எல்லோரும் பார்க்கலாம். ‘எச்’ என்றிருந்தால் நிதித்துறையில் சிலருக்கு மட்டுமே தெரியும், அந்த வேலையைச் செய்ததாகச் சொல்லப்படும் பிரிவின் தலைவருக்குக்கூடத் தெரியாது. இப்படி 7,561 போலி பில்கள், சுமார் 5,117 கோடி ரூபாய்க்கு, 2003 முதல் 2008 வரை நுழைக்கப்பட்டன என்று சி.பி.ஐ. சொன்னது. வராத பணம் வந்ததுபோல் காட்ட வங்கி அறிக்கைகளும் வைப்புத்தொகை ரசீதுகளும் போலியாகத் தயாராயின.

மோசடியை அடையாளம் காண ஒரு கணக்காளருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பில்லில் உள்ள வேலையைச் செய்தவருக்கு, அல்லது சரக்கைக் கையால் தொட்டவருக்கு, அந்த பில்லைப் பற்றித் தெரிகிறதா? குடோன் பொறுப்பாளரிடம் போய், “அண்ணாச்சி, போன வாரம் 3,000 மூட்டை வந்துச்சா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். இறக்குகூலி கொடுத்த வவுச்சர் இருக்கிறதா, எடைச்சீட்டு இருக்கிறதா, இ-வே பில் போட்டிருந்தால் அதிலுள்ள வண்டி எண் உண்மையில் லாரியா என்று பாருங்கள். அவ்வளவு மூட்டையும் அடுக்க குடோனில் இடம்தான் இருக்கிறதா? நிஜமான சரக்கு போகிற வழியெல்லாம் சின்னச் சின்னத் தாள்களை விட்டுச் செல்லும். இல்லாத சரக்குக்கு ஒரே ஒரு பெரிய பில் மட்டும் இருக்கும்.

சத்யம் வழக்கின் தீர்ப்பு 2015 ஏப்ரல் 9 அன்று வந்தது. பத்துப் பேர் குற்றவாளிகள் என்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் சொன்னது. ராமலிங்க ராஜு, அவர் தம்பி, நிதித்துறைத் தலைவர், தணிக்கையாளர்கள் இருவர் என்ற பெரிய பெயர்களை எல்லோரும் படித்தோம். அதே பட்டியலில் நிதித்துறையின் உதவி மேலாளர் ஒருவரும் இருந்தார். அவருக்கும் ஏழு ஆண்டு சிறைத் தண்டனைதான், தலைவருக்கு விதித்த அதே ஏழு ஆண்டு. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் ஜாமீனில் வந்தார்கள். என்றாலும் ஓர் உதவி மேலாளரின் வாழ்க்கையில் 2009 முதல் 2015 வரை என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘சொன்னதைச் செய்தேன்’ என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் மனதில் என்ன ஓடும்? சத்யத்தில் அது வெளியே தெரிய வரவில்லை. அமெரிக்காவில் வேர்ல்ட்காம் தொலைபேசி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்த பெட்டி வின்சனின் கதையில் அது விவரமாகப் பதிவாகியிருக்கிறது. 2000 அக்டோபரில், மற்ற நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்தியதற்காகக் கட்ட வேண்டிய செலவில் 82.8 கோடி டாலரைக் குறைத்துக் காட்டும் பதிவுகளைப் போடச் சொன்னார்கள். தவறு என்று அவருக்குத் தெரிந்தது. தயங்கினார், மறுத்தும் பார்த்தார். இந்த ஒரு தடவைதான் என்றார்கள், போட்டார். அதன் பிறகு அவரும் உடன் பணியாற்றிய ஒருவரும் வேலையை விட்டுவிட முடிவு செய்து ராஜினாமாக் கடிதம்கூட எழுதினார்கள். நிதித்துறைத் தலைவர் ஸ்காட் சல்லிவன் அவர்களை அழைத்துப் பேசினார். விமானங்கள் வானத்தில் இருக்கின்றன, அவை தரையிறங்கும் வரையாவது இருங்கள், பிறகு போகலாம் என்றார். வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் வின்சன்தான், வளரும் மகள் ஒருத்தி இருந்தாள். கடிதத்தைக் கொடுக்காமலே வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த காலாண்டும் அதேதான், அதற்கடுத்ததும். 2001-இல் செலவையே சொத்தாக மாற்றிக் காட்டும் பதிவுகள் வந்தன, அவற்றையும் போட்டார். பதவி உயர்வும் சம்பள உயர்வும் வந்தன. தூக்கம் போனது, உடல் மெலிந்தது. 2002 கோடையில் உள்தணிக்கைப் பிரிவின் தலைவி சிந்தியா கூப்பரும் அவர் குழுவினரும் அந்தப் பதிவுகளைத் தோண்டி எடுத்துத் தணிக்கைக் குழுவின் முன் வைத்தபோது எல்லாம் வெளியே வந்தது. விசாரணையில் தன்னைச் சாட்சியாகத்தான் பார்ப்பார்கள் என்று வின்சன் நம்பினார். நடந்தது வேறு. 2002 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2005-இல் ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக்காவலும் விதிக்கப்பட்டன. அவர் அன்றைக்கே மறுத்திருந்தால் இந்தச் சதி முளையிலேயே கிள்ளப்பட்டிருக்கலாம் என்று நீதிபதி குறிப்பிட்டார்.

நீதிபதி சொன்னது கடுமையாகத் தோன்றலாம், எனக்கும் வின்சன் மீது இரக்கம் உண்டு. ஆனால் அவர் மனதுக்குள் நடந்ததை நம் ஊர் அலுவலகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே அந்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. வேலை வாங்கிக் கொடுத்தது சொந்தக்கார மாமாவாக இருக்கும். முதலாளி அக்கா கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவராக இருப்பார். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று சுற்றினால் கணக்கு வேலை தருகிற இடங்களும், அவற்றுக்கு ஆடிட் பார்க்கிறவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ‘அந்தப் பிள்ளை வம்பு பிடிச்சவ’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த வேலைக்குத் திருநெல்வேலி தாண்டித்தான் போக வேண்டும் என்று அவள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட்டுச் சொல்கிற எந்த அறிவுரையும் அவளுக்கு உதவாது.

பயத்தோடு கூடவே ஒரு சந்தேகமும் வரும். நமக்குத் தெரியாத விளக்கம் ஏதாவது இருக்குமோ? ஆடிட்டரே கையெழுத்துப் போடும்போது நான் யார்? நியாயமான சந்தேகம்தான். அந்த 3,000 மூட்டை வேறு குடோனில் இருக்கலாம், வழியில் லாரியில் இருக்கலாம், அவிப்பதற்கு வேறு ஆலைக்குப் போயிருக்கலாம். ஒரு ஜூனியருக்கு முழுப் படமும் தெரியாது. அதனால்தான் முதல் அடி குற்றம் சாட்டுவதாக இல்லாமல் ஆதாரம் கேட்பதாக இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில். இப்படி எழுதலாம்:

“சார், மே 31 ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 7,000 மூட்டை என்று போடச் சொன்னீர்கள். குடோன் ரிஜிஸ்டரில் 4,000 இருக்கிறது. மீதி 3,000 மூட்டைக்கான பில் அல்லது குடோன் ரசீது கொடுத்தால் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.”

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நேர்மையான விளக்கம் இருந்தால் அரை மணி நேரத்தில் ரசீது வந்துவிடும், விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் வேறு மாதிரி பதில் வரும். “இதையெல்லாம் வாட்ஸ்அப்ல கேக்காதம்மா, நேர்ல பேசிக்கலாம்” என்பார்கள். எழுத்தில் பதில் தர ஒருவர் மறுத்தால் உங்கள் சந்தேகத்துக்கு வலு கூடுகிறது. சிலர் கேள்வி வந்ததுமே பின்வாங்கி, “சரி, 4,000-யே போடு” என்றும் சொல்லிவிடுவார்கள்.

அப்படியும் வற்புறுத்தினால், மறுப்பதற்கும் பெரிய வசனம் தேவையில்லை. “ரிஜிஸ்டர்ல இருக்கிறத மட்டும்தான் சார் என் லாகின்ல போட முடியும்” என்றால் போதும். அந்த ‘என் லாகின்’ முக்கியமான சொல். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பதிவையும், அதில் செய்த திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் வசதி கட்டாயம். அதை அணைத்து வைக்கவும் கூடாது. எந்தப் பயனர் எப்போது எதை மாற்றினார் என்பது அதில் தெரியும். ஆகவே பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். “நீ எழுந்திரு, நான் போட்டுக்கிறேன்” என்று மேனேஜர் சொன்னால், உங்கள் லாகினிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். கம்பெனிச் சட்டத்தின் 447-ஆவது பிரிவில், பத்து லட்சம் ரூபாய் அல்லது விற்றுமுதலில் ஒரு சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை எட்டிய மோசடிக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் பத்தாண்டு சிறை. அந்தப் பிரிவு பதவியைப் பார்த்துப் பேசுவதில்லை. நம் உதாரணத்தில் தொகை 45 லட்சம்.

குறிப்பு எழுதி வைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று அன்றன்றே சொந்த நோட்டில் எழுதுங்கள். உங்களுக்கு வந்த செய்திகளை அழிக்காதீர்கள். ஆனால் கம்பெனியின் ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவதும், மொத்த டேட்டாவையும் சொந்த ஈமெயிலுக்கு அனுப்புவதும் வேண்டாம். ரகசியத்தை மீறினாள் என்று உங்கள்மீதே புகார் திரும்பும். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் குறித்து வைத்திருந்தால் போதும். எடுத்துப் பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் முதல் முடிவு. இனிதான் இரண்டாவது, வெளியே சொல்வதா என்பது.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால் பாதை ஓரளவு தெளிவு. கம்பெனிச் சட்டம் 177-ஆவது பிரிவின்படி, ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடும், தெரிவித்தவரைப் பழிவாங்காமல் இருக்கப் பாதுகாப்பும், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகும் வழியும் இருக்க வேண்டும். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளுக்கும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவற்றுக்கும் இது பொருந்தும். நம் அரிசி ஆலை இதில் எதிலும் வராது. 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டமும் அரசு ஊழியர்களின் முறைகேடு பற்றியதுதான், அதுவும் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. சிறிய தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணுக்குச் சட்டம் பிடிக்கிற குடை மிகச் சிறியது. இதைத் தெரிந்துகொண்டுதான் அவள் முடிவெடுக்க வேண்டும்.

அவளுக்கு இருக்கிற ஒரு வழி கம்பெனியின் ஆடிட்டர். மோசடி நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், ஒரு கோடியும் அதற்கு மேலும் என்றால் மத்திய அரசுக்கும், அதற்குக் குறைவென்றால் இயக்குநர் குழுவுக்கும் அவர் தெரிவித்தாக வேண்டும் என்று 143-ஆவது பிரிவு சொல்கிறது. 45 லட்சம் என்றால் விஷயம் இயக்குநர் குழுவுக்குப் போகும், அதாவது முதலாளியிடமே திரும்பி வரலாம். ஆடிட்டர் அவருடைய நெடுநாள் நண்பராகவும் இருக்கலாம். கடன் கொடுத்த பேங்கின் மேலதிகாரிகளுக்கு எழுதுவது இன்னொரு வழி. அப்படி எழுதினால் குடோனை நேரில் வந்து எண்ணிப் பார்க்கத் தூண்டுகிற மாதிரி எழுத வேண்டும். சத்யத்தில் 2008 டிசம்பரில் ஜோசப் ஆபிரகாம் என்ற புனைபெயரில் ஓர் இயக்குநருக்கு வந்த ஈமெயில், நிறுவனத்திடம் இருப்பதாகச் சொல்லும் பணம் இல்லை, வங்கிகளிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்றது. அது தணிக்கைக் குழுத் தலைவருக்கும் தணிக்கையாளருக்கும் போனது, மூன்று வாரத்துக்குள் ராஜுவின் கடிதம் வெளியானது. அந்த ஈமெயில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, சந்தையிலும் அப்போது சந்தேகங்கள் சூழ்ந்திருந்தன. ஆனால் மொட்டைக் கடிதமாக இருந்தும் அது குப்பைக்குப் போகாததற்குக் காரணம், ஒரே ஒரு போனில் சரிபார்க்கக்கூடிய விஷயத்தை அது சொன்னதுதான் என்று நினைக்கிறேன். ‘கம்பெனியில் ஊழல்’ என்று எழுதுவதைவிட ‘மே 31 ஸ்டேட்மென்ட்டில் 7,000 மூட்டை, குடோனில் 4,000’ என்று எழுதுவது பல மடங்கு வலுவானது. பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் இந்த விவரத்தை யார் எழுதியிருப்பார் என்று ஊகிப்பது எளிது என்பதையும் அவள் மறக்கக் கூடாது.

அதனால் எதையும் அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் பேசுவது நல்லது. பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஏற்கனவே ஓரிரு மாதம் அந்த எண்ணைப் போட்டுவிட்டவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் முதலில் போடுவதை நிறுத்த வேண்டும். வின்சனைப்போல், உண்மையைச் சொன்னால் சாட்சியாகத்தான் நடத்துவார்கள் என்று நம்பித் தனியாகப் போய் நிற்கக் கூடாது. வேலையை விட்டுவிட்டாலும், போட்ட பதிவு அவர்கள் பெயரில் அப்படியே இருக்கும்.

வெளியே சொல்லாமல், செய்யவும் மாட்டேன் என்று விலகிவிடுவதும் ஒரு முடிவுதான். குடும்பத்தின் ஒரே வருமானம் அவளுடையது என்றால் அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. எண்ணைப் போட மறுத்ததிலேயே அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். ஆனால் விலகுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கோபத்தில் அன்றைக்கே எழுந்து போய்விடாமல், நோட்டீஸ் காலத்தை முடித்து, எந்தெந்தப் புத்தகங்களை எந்த நிலையில் ஒப்படைத்தேன் என்று ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கடைசியாகத் தயாரித்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் எத்தனை மூட்டை இருந்தது என்பதும் அதில் இருக்கட்டும். லாகினை முடக்கச் சொல்லி ஈமெயில் அனுப்புங்கள், அதற்குப் பிறகு வரும் பதிவுகள் உங்கள் பெயரில் ஏறக்கூடாது. விடுவிப்புக் கடிதமும் பி.எஃப். கணக்கு எண்ணும் கைக்கு வந்தபின் கிளம்புங்கள். அடுத்த இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், பழைய முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். “கணக்கைப் பதிவு செய்யும் முறையில் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை” என்றால் போதும். கணக்குத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அவருக்குப் புரியும்.